இரண்டாயிரம் ரூபாய் லாபத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

பங்கு ஒன்றை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையே லாபம் என்று கருதும் பழக்கம் இந்தியாவின் சிறு முதலீட்டாளர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. கைப்பேசிச் செயலியின் திரையில் பச்சை நிறத்தில் தோன்றும் தொகையும் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தையே காட்டுவதால் அந்தப் பழக்கம் நாளுக்கு நாள் உறுதிப்படுகிறது. உண்மையில், வாங்கும்போது ஒரு முறையும் விற்கும்போது ஒரு முறையுமாகத் தரகர், பங்குச் சந்தை, ஒழுங்குமுறை ஆணையம், பங்குகளைக் காக்கும் வைப்பகம், மாநில அரசு, மத்திய அரசு ஆகிய அனைவரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவதே முதலீட்டாளரின் லாபம். அதன் மீதும் ஆண்டு முடிவில் வருமான வரி விழுகிறது. இந்தக் கழிவுகள் தனித்தனியே பார்க்கையில் அற்பமானவையாகத் தெரிந்தாலும், ஒரே ஒரு வணிகத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் இறுதி வரை கணக்கிட்டால், லாபம் என்று நம்பப்பட்டது நஷ்டமாக மாறும் இடமும், அந்த நஷ்டத்துக்கும் வரி கட்ட வேண்டிய விசித்திரமான இடமும் தெளிவாகத் தென்படும்.

அதற்காக ஓர் எளிய எடுத்துக்காட்டு போதுமானது. இந்தியாவில் வசிக்கும் ஒரு தனிநபர், தேசியப் பங்குச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் 200 பங்குகளைத் தலா 500 ரூபாய்க்கு வாங்கித் தமது டீமேட் கணக்கில் வைத்திருந்து, மூன்று வாரங்களுக்குப் பிறகு தலா 510 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். வாங்கிய மதிப்பு 1,00,000 ரூபாய். விற்ற மதிப்பு 1,02,000 ரூபாய். விலை வித்தியாசம் 2,000 ரூபாய். அவருடைய தரகர், வணிக மதிப்பில் 0.5 சதவீதம் தரகு வாங்கும் வழக்கமான தரகர். சந்தைக் கட்டணங்கள் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தவை. வருமான வரி விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் இருப்பவை.

வாங்கும் நாளின் செலவு

பங்குகளை வாங்கும் நாளில் முதலில் கழிவது தரகர் தமது சேவைக்காக வாங்கும் தரகு, அதாவது புரோக்கரேஜ். 1,00,000 ரூபாய்க்கு 0.5 சதவீதம் என்றால் 500 ரூபாய். தரகு என்பது தரகருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான உடன்பாட்டைப் பொறுத்தது; சட்டம் உச்ச வரம்பை மட்டுமே வகுக்கிறது. அந்த வரம்புக்குள் எந்த விகிதம் என்பதைக் கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திடப்படும் கட்டணப் பட்டியலே தீர்மானிப்பதால், பலர் படிக்காமலே கடந்து செல்லும் அந்தப் பக்கம்தான் பின்னாளில் அவர்களுடைய லாபத்தின் பெரும்பகுதியை நிர்ணயிக்கிறது.

அடுத்து வருவது பரிவர்த்தனைக் கட்டணம். இது வாங்குபவரையும் விற்பவரையும் இணைத்துவைத்ததற்காகப் பங்குச் சந்தை நிறுவனம் பெறும் கட்டணம். தேசியப் பங்குச் சந்தையில் இது 1 லட்சம் ரூபாய் மதிப்புக்கு 2 ரூபாய் 97 பைசா. முன்பு அதிக வணிகம் கொண்டுவரும் தரகர்களுக்குச் சந்தைகள் குறைந்த விகிதத்தை வழங்கிவந்தன. அவர்களோ வாடிக்கையாளரிடம் கூடுதல் விகிதத்தையே வாங்கி, இடைப்பட்ட தொகையைத் தங்கள் வருவாயாக்கிக்கொண்டனர். வாடிக்கையாளரிடம் எந்தப் பெயரில் எவ்வளவு வாங்கப்படுகிறதோ அதே தொகைதான் சந்தைக்கும் செல்ல வேண்டும் என்று செபி 2024 ஜூலை 1 அன்று சுற்றறிக்கை வெளியிட்ட பிறகே, அனைவருக்கும் ஒரே விகிதம் என்ற நிலை அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. செபி, அதாவது இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியம், தனக்கென வாங்கும் கட்டணமோ கோடி ரூபாய்க்கு 10 ரூபாய். எடுத்துக்காட்டில் அது வெறும் 10 பைசா.

தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம் ஆகிய மூன்றும் சேவைக்கான கட்டணங்கள் என்பதால், அவற்றின் கூட்டுத்தொகையான 503 ரூபாய் 7 பைசாவின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. அது 90 ரூபாய் 55 பைசா. இந்த வரி பங்கின் மதிப்பின் மீது விழுவதில்லை, கட்டணங்களின் மீதே விழுகிறது என்பதைக் கவனித்தால், தரகு உயர உயர அதன் நிழல்போல ஜி.எஸ்.டி.யும் உயரும் என்பதும், 0.5 சதவீதத் தரகு என்பது உண்மையில் 0.59 சதவீதம் என்பதும் புலப்படும்.

இவற்றுக்கு மாறாகப் பங்கின் முழு மதிப்பின் மீதும் விழுபவை இரண்டு. ஒன்று, எஸ்.டி.டி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பங்குப் பரிவர்த்தனை வரி. பங்குகளை டீமேட் கணக்கில் பெற்றுக்கொள்ளும் டெலிவரி வணிகத்தில் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் என இருமுறையும் இது செலுத்தப்படுகிறது. முழு ரூபாய்க்குச் சரிசெய்யப்பட்டு மத்திய அரசுக்குச் செல்கிறது. மற்றொன்று, வாங்குபவர் மட்டும் செலுத்தும் 0.015 சதவீத முத்திரைத் தீர்வை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்த இந்தத் தீர்வை 2020 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒரே விகிதமாக்கப்பட்டு, வாங்குபவர் வசிக்கும் மாநிலத்துக்கு அனுப்பப்படுகிறது. எடுத்துக்காட்டில் எஸ்.டி.டி. 100 ரூபாய், முத்திரைத் தீர்வை 15 ரூபாய். இவ்வாறு, 1,00,000 ரூபாய்ப் பங்குகளை வாங்கி முடிக்கும்போதே முதலீட்டாளர் 708 ரூபாய் 62 பைசா கூடுதலாகச் செலவிட்டிருக்கிறார்.

விற்கும் நாளின் செலவு

விற்கும் நாளில் முத்திரைத் தீர்வை இல்லை. மற்றவை அனைத்தும் 1,02,000 ரூபாய் என்ற புதிய மதிப்பின் மீது மீண்டும் கணக்கிடப்படுகின்றன. ஆனால் முத்திரைத் தீர்வைக்குப் பதிலாக இன்னொரு செலவு வந்து சேர்கிறது. பங்குகள் மின்னணு வடிவில் சி.டி.எஸ்.எல்., என்.எஸ்.டி.எல். ஆகிய இரு வைப்பகங்களில் ஒன்றில் இருப்பதால், விற்ற பங்குகள் டீமேட் கணக்கிலிருந்து வெளியேறும்போது வைப்பகமும் அதன் முகவராகச் செயல்படும் தரகரும் சேர்ந்து ஒரு கட்டணம் வாங்குகின்றனர். இதை டி.பி. கட்டணம் என்பர். பலருக்கு விளங்காத இதன் இயல்பு என்னவென்றால், இது பங்குகளின் எண்ணிக்கையையோ மதிப்பையோ பொருட்படுத்துவதில்லை. ஒரு நிறுவனத்தின் 1 பங்கை விற்றாலும் 10,000 பங்குகளை விற்றாலும் அந்த நிறுவனத்துக்கு அன்றைய நாளுக்கு ஒரே கட்டணம்தான். எடுத்துக்காட்டில் அது 15 ரூபாய் என்றும், அதன் மீது ஜி.எஸ்.டி. 2 ரூபாய் 70 பைசா என்றும் கொள்வோம்.

| செலவு | வாங்கும்போது (ரூ.) | விற்கும்போது (ரூ.) |
|---|---|---|
| தரகு | 500.00 | 510.00 |
| பரிவர்த்தனைக் கட்டணம் | 2.97 | 3.03 |
| செபி கட்டணம் | 0.10 | 0.10 |
| ஜி.எஸ்.டி. | 90.55 | 92.36 |
| எஸ்.டி.டி. | 100.00 | 102.00 |
| முத்திரைத் தீர்வை | 15.00 | இல்லை |
| டி.பி. கட்டணம், ஜி.எஸ்.டி. உட்பட | இல்லை | 17.70 |
| மொத்தம் | 708.62 | 725.19 |

இரு நாள்களின் செலவையும் கூட்டினால் 1,433 ரூபாய் 81 பைசா. 2,000 ரூபாயிலிருந்து அதைக் கழித்தால் எஞ்சுவது 566 ரூபாய் 19 பைசா மட்டுமே. பங்கின் விலை 2 சதவீதம் ஏறியிருக்க, போட்ட பணத்தின் மீது கிடைத்திருப்பது அரை சதவீதத்துக்குச் சற்றே கூடுதல். இதே 1 லட்சம் ரூபாயை இதே தரகரிடம் மாதம் ஒரு முறை வாங்கி விற்றுச் சுழற்றினால், விலை ஏறினாலும் இறங்கினாலும், ஆண்டுக்கு 17,000 ரூபாய்க்கு மேல் செலவாகவே போய்விடும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். அடிக்கடி வாங்கி விற்பவர் சந்தையை வெல்வதற்கு முன்பாக இந்தச் செலவை வெல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் பங்குகளை எந்த விலைக்கு விற்க முடியும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். வாங்கியதற்கு ஆன மொத்தச் செலவு 1,00,708 ரூபாய் 62 பைசா; அதனுடன் விற்கும்போது நிலையாகக் கழியும் 17 ரூபாய் 70 பைசாவைக் கூட்ட வேண்டும்; விற்பனை மதிப்பில் சதவீதமாகக் கழிபவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 0.694 சதவீதம் என்பதால், கூட்டிவந்த தொகையை 0.99306 ஆல் வகுக்க வேண்டும். 200 பங்குகளுக்கும் சேர்த்து 1,01,430 ரூபாய், அதாவது பங்கு ஒன்றுக்கு 507 ரூபாய் 15 பைசா கிடைக்கிறது. இதை வணிகத்தின் சமநிலை விலை எனலாம். 500 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 505 ரூபாயை எட்டும்போது திரையில் 1,000 ரூபாய் லாபம் தெரிந்தாலும், அந்த விலையில் விற்பவர் உண்மையில் 400 ரூபாய்க்கு மேல் இழக்கிறார்.

வருமான வரி பார்க்கும் லாபம் வேறு

எஞ்சிய 566 ரூபாய் 19 பைசாவின் மீது வரி கணக்கிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வருமான வரிச் சட்டம் இந்தத் தொகையை ஏற்பதில்லை. பங்குகளை 12 மாதங்களுக்கு மேல் வைத்திராமல் விற்பதால் கிடைக்கும் ஆதாயம் குறுகிய கால மூலதன ஆதாயம் எனப்படுகிறது. அதைக் கணக்கிடும்போது, வாங்கியபோது செலுத்திய தரகு, கட்டணங்கள், ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை ஆகியவற்றை வாங்கிய விலையுடன் சேர்த்துக்கொள்ளலாம். விற்பனைக்காகவே ஆன தரகையும் கட்டணங்களையும் விற்பனைத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எஸ்.டி.டி.யை மட்டும் இரு பக்கத்திலும் கழிக்க முடியாது. மூலதன ஆதாயக் கணக்கில் அதற்கு இடமில்லை என்று சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது.

எனவே, எடுத்துக்காட்டில் இருமுறை செலுத்திய 202 ரூபாய் எஸ்.டி.டி.யைத் திரும்பக் கூட்டினால், வரிக்குரிய ஆதாயம் 768 ரூபாய் 19 பைசாவாகிறது. இதன் மீது 20 சதவீத வரியும், அந்த வரியின் மீது 4 சதவீத செஸ் எனப்படும் கூடுதல் தீர்வையும், ஆக 20.8 சதவீதம் கணக்கிட்டால் 159 ரூபாய் 78 பைசா. நடைமுறையில் ஓர் ஆண்டின் எல்லா ஆதாயங்களும் இழப்புகளும் சேர்க்கப்பட்ட பிறகே வரி கணக்கிடப்படும் என்றாலும், இந்த ஒரு வணிகம் அந்தக் கணக்கில் கூட்டுவது இவ்வளவுதான். இறுதியில் கைக்கு வருவது 406 ரூபாய் 41 பைசா. திரையில் தெரிந்த 2,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு.

இங்கே ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. உண்மையில் கையில் நின்ற 566 ரூபாயுடன் ஒப்பிட்டால், 159 ரூபாய் 78 பைசா என்பது 28.2 சதவீதம். சட்டம் சொல்லும் விகிதம் 20.8 ஆக இருக்க, முதலீட்டாளர் உணரும் விகிதம் அதைவிட மிகவும் கூடுதல். லாபம் சுருங்கச் சுருங்க இந்த இடைவெளி விரிகிறது. அதே பங்குகளை 508 ரூபாய்க்கு விற்றிருந்தால், செலவுகள் போகக் கையில் 168 ரூபாய் 56 பைசா நிற்கும். வரிக்குரிய ஆதாயமோ 370 ரூபாய் 56 பைசா. வரி 77 ரூபாய் 8 பைசா. அதாவது உண்மை லாபத்தில் ஏறத்தாழ 46 சதவீதம் வரியாகிறது.

இன்னும் சற்றுக் கீழே இறங்கி, 506 ரூபாய் 50 பைசாவுக்கு விற்றதாகக் கொள்வோம். இது மேலே கண்ட சமநிலை விலைக்குக் கீழே இருப்பதால் நஷ்டம் உறுதி. விலை வித்தியாசம் 1,300 ரூபாய். வாங்கும்போது ஆன செலவு 708 ரூபாய் 62 பைசா. விற்கும்போது ஆன செலவு 720 ரூபாய் 4 பைசா. ஆக, முதலீட்டாளர் 128 ரூபாய் 66 பைசாவை இழந்திருக்கிறார். ஆனால் 201 ரூபாய் எஸ்.டி.டி.யைச் சட்டம் செலவாக ஏற்காததால், அதன் பார்வையில் அவர் 72 ரூபாய் 34 பைசா ஆதாயம் ஈட்டியவர். அதற்கு 15 ரூபாய் 5 பைசா வரி செலுத்த வேண்டியவர். நஷ்டம் 143 ரூபாய் 71 பைசாவாக வளர்கிறது.

ஆகவே ஒரே வணிகத்துக்கு மூன்று எல்லைக் கோடுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 506 ரூபாய் 14 பைசாவைத் தாண்டியதும் சட்டத்தின் கண்ணில் ஆதாயம் பிறக்கிறது. 507 ரூபாய் 15 பைசாவைத் தாண்டினால்தான் போட்ட பணம் திரும்புகிறது. வரியையும் கட்டிய பிறகு ஒரு ரூபாயாவது மிஞ்ச வேண்டுமானால் 507 ரூபாய் 42 பைசாவைத் தாண்ட வேண்டும். முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு ரூபாய் இடைவெளியில் விற்பவர்கள் அனைவரும் பணத்தை இழந்தும் வரி கட்டுகிறவர்கள். பெரிய விலையேற்றத்துக்காகக் காத்திருப்பவரை இது அதிகம் தொடாது. ஓரிரண்டு சதவீத ஏற்றத்திலேயே விற்றுவிடும் பழக்கமுள்ளவர், தம்மையறியாமல் இந்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் விழுகிறார்.

அன்றைய உடன்பாடும் இன்றைய நிலையும்

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை அறிந்தால்தான் அதன் நியாயத்தை எடைபோட முடியும். 2004ஆம் ஆண்டு நிதியமைச்சராக இருந்த ப.சிதம்பரம் எஸ்.டி.டி.யை அறிமுகப்படுத்தினார், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஈடாக, இந்த வரி செலுத்தப்பட்ட பங்குகளின் நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு முழு விலக்கும், குறுகிய கால ஆதாயத்துக்கு 10 சதவீதம் என்ற குறைந்த விகிதமும் வழங்கப்பட்டன. ஆதாயத்தைத் துருவித் துருவிக் கணக்கிட்டு வரி வாங்குவதைவிட, ஒவ்வொரு வணிகத்திலும் சிறு தொகையைச் சந்தையிலேயே பிடித்துக்கொள்வது எளிது என்பதே அதன் அடிப்படை. ஆதாயத்துக்கு வரியே இல்லாத அல்லது மிகக் குறைந்த வரியே உள்ள நிலையில், எஸ்.டி.டி.யைச் செலவாகக் கழிக்கக் கூடாது என்ற விதியும் பொருத்தமாகவே இருந்தது.

ஆனால் ஈடாகத் தரப்பட்ட சலுகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. குறுகிய கால ஆதாயத்தின் விகிதம் 2008இல் 15 சதவீதமாகவும் 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதமாகவும் உயர்ந்தது. நீண்ட கால ஆதாயத்துக்கான விலக்கு 2018 ஏப்ரலில் முடிவுக்கு வந்து, 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 10 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2024இல் அது 1,25,000 ரூபாய்க்கு மேல் 12.5 சதவீதமாயிற்று. எஸ்.டி.டி.யோ அப்படியே நிற்கிறது. அதைக் கழிக்கக் கூடாது என்ற விதியும் நிற்கிறது. உடன்பாட்டின் ஒரு பாதியைக் கைவிட்டுவிட்டு மறுபாதியை மட்டும் வைத்திருப்பதற்கு ஏற்கத்தக்க நியாயம் எதுவும் தென்படவில்லை. எஸ்.டி.டி.யை நீக்குவது அரசின் வருவாயைப் பாதிக்கும் பெரிய முடிவாக இருக்கலாம். ஆனால் உண்மையில் செலவழிந்த ஒரு தொகையைச் செலவாக ஏற்பது, நஷ்டப்பட்டவரிடம் வரி வாங்காமல் இருப்பதற்கான குறைந்தபட்ச நேர்மை. பங்கு வணிகத்தையே தொழிலாக நடத்தி, அதன் வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டுபவர்களுக்கு எஸ்.டி.டி.யைச் செலவாகக் கழிக்கச் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது என்பதால், சிறு முதலீட்டாளருக்கு மட்டும் அது மறுக்கப்படுவது இன்னும் உறுத்துகிறது.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது

எடுத்துக்காட்டில் வந்த 1,433 ரூபாய்ச் செலவில், தரகும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும் மட்டும் ஏறத்தாழ 1,192 ரூபாய். முதலீட்டாளரின் தேர்வுக்கு உட்பட்டது இந்தப் பகுதி மட்டுமே. மதிப்பு எவ்வளவாயினும் ஓர் ஆணைக்கு 20 ரூபாய் என்று நிலையான தரகு வாங்கும் தரகரிடம் இதே வணிகம் நடந்திருந்தால், மொத்தச் செலவு 289 ரூபாய் 21 பைசா. கையில் நிற்பது 1,710 ரூபாய் 79 பைசா. 397 ரூபாய் 86 பைசா வரி போக எஞ்சுவது 1,312 ரூபாய் 93 பைசா. அதே பங்கு, அதே விலை, அதே நாள்கள். கைக்கு வரும் தொகை மட்டும் மும்மடங்குக்கு மேல். வழக்கமான தரகர் தரும் ஆலோசனைக்கோ நேரடிச் சேவைக்கோ இந்த வித்தியாசம் தகுமா என்பது அவரவர் முடிவு. ஆனால் அந்தச் சேவைக்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பது தெரிந்தே அந்த முடிவு எடுக்கப்பட வேண்டும்.

நிலையான கட்டணம் எல்லோருக்கும் நன்மை தருவதும் இல்லை. தலா 100 ரூபாய் விலையில் 10 பங்குகளை வாங்கி 103 ரூபாய்க்கு விற்பவருக்கு விலை வித்தியாசம் 30 ரூபாய். இரு ஆணைகளுக்கும் 40 ரூபாய் தரகு, அதன் மீது 7 ரூபாய் 20 பைசா ஜி.எஸ்.டி., டி.பி. கட்டணம் 17 ரூபாய் 70 பைசா, எஸ்.டி.டி. 2 ரூபாய் என்று 66 ரூபாய்க்கு மேல் செலவாகிவிடுவதால், 3 சதவீத விலையேற்றத்துக்குப் பிறகும் அவருக்கு 37 ரூபாய் நஷ்டம். டெலிவரி வணிகத்துக்குத் தரகே வாங்காத தரகர்களிடம்கூட டி.பி. கட்டணம் மட்டுமே அந்த 30 ரூபாயில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பத்துப் பங்குகளை இன்று ஐந்து, நாளை ஐந்து என்று பிரித்து விற்றால் அந்தக் கட்டணம் இருமுறை விழும்.

கணக்கு எங்கே கிடைக்கும்

மேற்கண்ட தொகைகளைக் கண்டறிய நம்பத்தக்க ஆவணம் ஒப்பந்தச் சீட்டு. வணிகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் தரகர் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டிய இந்தச் சீட்டில், வாங்கிய அல்லது விற்ற விலை, ஒரு பங்குக்கான தரகு, தரகைச் சேர்த்த அல்லது கழித்த நிகர விலை ஆகியவை முதலிலும், பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம், ஜி.எஸ்.டி., எஸ்.டி.டி., முத்திரைத் தீர்வை ஆகியவை கீழேயும், வாடிக்கையாளர் தர வேண்டிய அல்லது பெற வேண்டிய நிகரத் தொகை இறுதியிலும் இருக்கும். நிகர விலையிலேயே தரகு அடங்கியிருப்பதை அறியாமல், அந்த விலையை எடுத்துக்கொண்டு தரகை மறுபடியும் கழிப்பது கணக்கிடுவோர் வழக்கமாகச் செய்யும் தவறு. அதற்கு நேரெதிரான தவறு, டி.பி. கட்டணத்தை விட்டுவிடுவது. அது பங்குச் சந்தையின் கட்டணமன்று, வைப்பகத்தின் கட்டணம் என்பதால் ஒப்பந்தச் சீட்டில் இடம்பெறுவதில்லை. தரகரிடம் உள்ள வாடிக்கையாளர் கணக்கின் லெட்ஜரில், விற்பனைக்கு அடுத்த ஓரிரு நாள்களில் தனி வரியாகத் தென்படும். ஒப்பந்தச் சீட்டின் இறுதித் தொகையையும் லெட்ஜரின் மாற்றத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டி.பி. கட்டணத்துக்குச் சமமாக இருந்தால், எதுவும் விடுபடவில்லை என்று கொள்ளலாம்.

ஒரே நிறுவனத்தின் பங்குகளை வெவ்வேறு காலங்களில் வாங்கியிருப்பவர், எந்தப் பங்கை விற்றோம் என்ற கேள்விக்கும் விடை காண வேண்டும். செயலி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி விலையைக் காட்டக்கூடும்; ஆனால் டீமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் வெளியேறியதாகவே வருமான வரிச் சட்டம் கொள்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 400 ரூபாய்க்கு 100 பங்குகளும், சென்ற மாதம் 500 ரூபாய்க்கு 100 பங்குகளும் வாங்கியவர் இப்போது 480 ரூபாய்க்கு 100 பங்குகளை விற்றால், சென்ற மாதம் வாங்கியதை நஷ்டத்துக்கு விற்றுவிட்டதாக அவர் நினைக்கலாம். செயலி பங்குக்கு 30 ரூபாய் லாபம் என்று காட்டலாம். சட்டமோ பங்குக்கு 80 ரூபாய் நீண்ட கால ஆதாயம் என்று கணக்கிடும்.

காலமும் வரியும்

டெலிவரி வணிகத்தில் பங்குகளை வைத்திருக்கும் காலம் செலவுகளை மாற்றுவதில்லை; வரியை மட்டுமே மாற்றுகிறது. எடுத்துக்காட்டில் வரும் 200 பங்குகளை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து அதே 510 ரூபாய்க்கு விற்றிருந்தால், 768 ரூபாய் ஆதாயம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் என்ற விலக்குக்குள் அடங்கிவிடும். வேறு பெரிய நீண்ட கால ஆதாயம் இல்லாதவருக்கு வரி இல்லை. 566 ரூபாயும் முழுமையாகக் கையில் நிற்கும். மாறாக, வாங்கிய அன்றே விற்றுவிடும் இன்ட்ராடே வணிகத்தில் எஸ்.டி.டி. விற்கும்போது மட்டும் 0.025 சதவீதம், முத்திரைத் தீர்வை 0.003 சதவீதம், டி.பி. கட்டணம் இல்லை என்று செலவுகள் குறைந்தாலும், அதன் வருமானம் ஊகத் தொழில் வருமானமாகக் கருதப்பட்டு அவரவருடைய வருமான அடுக்குக்கு உரிய விகிதத்தில் வரிக்குள்ளாகிறது. அதில் வரும் நஷ்டத்தை வேறோர் ஊக லாபத்தில் மட்டுமே, அதுவும் நான்கு ஆண்டுகளுக்குள் மட்டுமே கழிக்க முடியும்.

ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்ற பேச்சை நம்பிக் குறுகிய கால ஆதாயத்தைக் கணக்கில் காட்டாமல் விடுவது இன்று பலர் செய்யும் பிழை. புதிய வரி முறையில் அந்தச் சலுகை தள்ளுபடியாகத் தரப்படுகிறது. 20 சதவீதம் என்ற தனி விகிதத்துக்கு உட்பட்ட இந்த ஆதாயத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது என்று 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே 8 லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு ஒரு ரூபாயும் வரி கட்டாதவர், 768 ரூபாய் ஆதாயத்துக்கு 160 ரூபாய் கட்ட வேண்டியவராகிறார். மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பையே எட்டாதவருக்கு மட்டும் நிலை வேறு. எட்டாமல் எஞ்சியிருக்கும் அளவுக்கு அவர் இந்த ஆதாயத்தை அந்த வரம்புக்குள் அடக்கிக்கொள்ளலாம்.

வணிகம் நஷ்டத்தில் முடிந்தாலும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. குறுகிய கால மூலதன இழப்பை அதே ஆண்டின் குறுகிய கால ஆதாயத்திலும் நீண்ட கால ஆதாயத்திலும் கழிக்கலாம். எஞ்சியதை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் அங்கும் எஸ்.டி.டி. விலக்கப்பட்டே இருப்பதால், கையில் 1,000 ரூபாய் இழந்தவர் 200 ரூபாய் எஸ்.டி.டி. செலுத்தியிருந்தால், 800 ரூபாயை மட்டுமே இழப்பாக எழுத முடியும். அந்த 800 ரூபாயையும் எடுத்துச் செல்ல வேண்டுமானால், வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லாவிட்டாலும், வருமான வரிக் கணக்கை உரிய கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்பவருக்கு அந்த ஆண்டின் மூலதன இழப்பை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் உரிமை இல்லை.